எடுக்கிற நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

"சம்பாதிக்கப் போனவன், பெத்தவ முகத்தைக்கூடப் பாக்க வரலை." பட்டுக்கோட்டைப் பக்கம் துக்க வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. என்னைப் பற்றியும் பேசினார்கள். 2018-ல் அம்மா இறந்தபோது நான் சவுதியில், தம்மாமில் வேலையில் இருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை. ஆனால் எது ஆறவில்லை என்பது இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தூரம்தான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறோம். தம்மாமில் ஏறி கொழும்பில் மாறினால் திருச்சி. அங்கிருந்து காரில் ரெண்டரை மணி நேரத்தில் வீடு. காத்திருப்பு எல்லாம் சேர்த்தாலும் ஒரு பகல், ஒரு இரவுக்குள் வந்துவிடலாம். ஃப்ரீசர் பெட்டியில் வைத்தால் அதுவரை தாங்கும். என்னை நிறுத்தியது வேறு.

அம்மா போனது வியாழன் இரவு, நம்மூர் நேரம் ஒன்பதரை. சவுதியில் அப்போது ஏழு மணி. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. சவுதியிலிருந்து ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்றால் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா அடிக்க வேண்டும். இரண்டு மாதம் வரைக்குமான ஒற்றை விசாவுக்குக் கட்டணம் 200 ரியால்தான், கம்ப்யூட்டரில் ஐந்து நிமிட வேலை. ஆனால் அன்றைய சட்டப்படி அதைக் கம்பெனிதான் போட வேண்டும். எங்கள் கம்பெனியில் அந்தப் பொறுப்பு மந்தூபுடையது. அரசாங்க வேலைகளைப் பார்க்கிறவரை அங்கே அப்படித்தான் சொல்வோம். வியாழன் சாயங்காலம் ஆபீஸைப் பூட்டிவிட்டு அவர் தன் சொந்த ஊருக்குப் போயிருந்தார். பாஸ்போர்ட்டும் ஆபீஸ் பீரோவில். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கேயும் விதி உண்டு. நடைமுறையில் யாரும் கேட்பதில்லை.

ராத்திரி முழுக்க மேனேஜருக்கும் மந்தூபுக்கும் மாறி மாறிப் போன் போட்டேன். விடியற்காலையில் மேனேஜர் எடுத்தார். "சனிக்கிழமை அவனை வரச் சொல்றேன்" என்றார். சனி காலையில் விசா, மாலையில் விமானம், ஞாயிறு காலையில் வீடு. கணக்கு சரியாக வந்தது. அண்ணனிடம் இதைச் சொல்லக் கூப்பிட்டபோதுதான், "இன்னைக்கே மூணு மணிக்கு எடுக்கிறதா முடிவாயிடுச்சுடா" என்றான்.

முடிவு இரவே ஆகியிருந்தது. பெரியப்பாவும் பங்காளிகளும் திண்ணையில் உட்கார்ந்து நாள் பார்த்திருக்கிறார்கள். வெள்ளி விட்டால் சனி. "சனிப் பொணம் தனியாப் போகாது" என்பார்கள், அதனால் சனிக்கிழமை எடுக்க மாட்டார்கள். தவிர்க்கவே முடியாமல் எடுத்தால் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவார்கள். ஞாயிறு வரை வைப்பதென்றால் பெட்டிக்குக் கரண்ட் நிற்காமல் வர வேண்டும், நின்றால் ஜெனரேட்டர் வேண்டும். வந்த சனம் ரெண்டு ராத்திரி தங்க வேண்டும். தெருவில் அடுப்பு எரியாது. இந்தக் காரணங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு கிராமத்தில் ரெண்டு நாள் பிணத்தை வைத்துக் காப்பது லேசான காரியமில்லை. பெரியப்பா கல்நெஞ்சக்காரரும் இல்லை. "அவன் எங்கேர்ந்து வரப்போறான், பாவம், அவனைப் போட்டு அலைக்கழிக்க வேண்டாம்" என்றுதான் சொல்லியிருக்கிறார். என்மேல் இரக்கப்பட்டே என்னைக் கேட்காமல் விட்டார்கள்.

எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளையவன். நான்தான் இளையவன். வாய்க்கரிசி போடும்போது சித்தி மகன் வீடியோ காலில் காட்டினான். நம்மூரில் மூன்று மணி என்றால் அங்கே பன்னிரண்டரை, ஜும்ஆ தொழுகை நேரம். கேம்ப்பே அமைதியாக இருந்தது. சுடுகாட்டில் சிக்னல் போய்விட்டது. அண்ணன் கொள்ளி வைத்ததை நான் பார்க்கவில்லை.

எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான். போக முடியாமல் போனதைக்கூட ஒரு மாதிரி ஏற்றுக்கொண்டேன். அந்த நேரத்தைக் குறித்தபோது, "ஞாயிறு வரைக்கும் வைக்கட்டுமா?" என்று ஒரே ஒரு போன் வந்திருந்தால் போதும். ஒருவேளை நானே "வேண்டாம், எடுத்துடுங்க" என்று சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லியிருந்தாலும் அது அம்மாவுக்கு நான் செய்த காரியமாக இருந்திருக்கும். என்னோடு ரூமில் இருந்த விருதுநகர்க்காரர் ஒருவருக்கு அப்பா இறந்தபோது வீட்டில் கேட்டார்கள். அவரே எடுக்கச் சொன்னார். அவருக்கும் வலி இருக்கிறது, "என் வாயால சொன்னேனே" என்று அழுதிருக்கிறார். ஆனால் வீட்டார்மேல் அவருக்கு ஒரு சொல் குறை கிடையாது. நான் அண்ணனோடு சரியாகப் பேசவே வெகுகாலம் ஆயிற்று.

இதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். என்னிடம் "லேசா மூச்சு வாங்குது, சரியாயிடும்" என்றார்கள். டாக்டர் அன்றைக்கே கையை விரித்துவிட்டாராம். "நீ தனியா இருக்கே, பயந்துடுவேன்னுதான் சொல்லலை" என்று பிறகு சொன்னான் அண்ணன். செவ்வாய் வேலை நாள். மந்தூப் சீட்டில் இருந்தார். அன்றைக்குச் சொல்லியிருந்தால் புதன்கிழமை கையில் விசா இருந்திருக்கும், அம்மாவை உயிரோடு பார்த்திருப்பேன். வெளிநாட்டில் இருக்கிறவனிடம் மறைப்பதை அன்பு என்று நினைக்கிற எல்லா வீட்டாரையும் கெஞ்சிக் கேட்கிறேன்: அவனுக்கு விசா வேண்டும், டிக்கெட் வேண்டும், கடன் கேட்க ஆள் வேண்டும். நீங்கள் மறைக்கிற ஒவ்வொரு நாளும் இதில்தான் குறைகிறது.

2021 மார்ச்சிலிருந்து சவுதியில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. கம்பெனித் தொழிலாளர்கள் எக்ஸிட் ரீ-என்ட்ரியை அப்ஷர் என்கிற அரசாங்க இணையச் சேவையில் தங்கள் கணக்கிலேயே போட்டுக்கொள்ளலாம், கம்பெனிக்குத் தகவல் மட்டும் போகும். ஆனால் இக்காமா என்கிற தங்கும் அனுமதி அட்டை காலாவதி ஆகியிருந்தால் நடக்காது. அதைப் புதுப்பிப்பது முதலாளி கையில்தான். வீட்டு டிரைவர்களும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் ஆடு மேய்ப்பவர்களும் இந்த மாற்றத்துக்குள் வரவே இல்லை. அவர்களுக்கு இன்றைக்கும் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, மனசு வைத்தால்தான் உண்டு. நம் பக்கத்திலிருந்து போகிறவர்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று ஊரில் இருப்பவர்களுக்கே தெரியும்.

நான் கருமாதிக்குத்தான் இருந்தேன். அண்ணன் அஸ்தியைக் கரைக்காமல் எனக்காக வைத்திருந்தான். வேதாரண்யம் கடலில் கரைத்தோம். அப்போதுகூட நாங்கள் இதைப் பேசிக்கொள்ளவில்லை.

போன வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோதுதான் பேசினோம், அப்பாவையும் வைத்துக்கொண்டே. அபசகுனம் என்று அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். உடம்புக்கு என்ன வந்தாலும் அன்றைக்கே எனக்குச் சொல்வதாக அண்ணன் ஒப்புக்கொண்டான். நேரம் குறிக்கும் முன் எனக்குப் போன் வரும், பங்காளிகளிடம் அவன் பேசிக்கொள்வான். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரெண்டு நாளைக்கு மேல என்னைப் பொட்டியில போட்டு வைக்காதீங்கடா. அதுக்குள்ள அவன் வந்தா வரட்டும். சனிக்கிழமையா இருந்தா ஒரு கோழிக்குஞ்சு வாங்கிக் கட்டிக்குங்க."