பத்தாயிரமாவது நாள்: 145 அல்ல, 138

“10,000 நாள்னா 27 வருஷம் 145 நாள். 10.9.1998 கல்யாணத்துக்கு 2.2.2026 வருது. மண்டபம் சொல்லிடலாமா?”

சொல்லாதீங்க, ஒரு வாரம் தள்ளிப் போயிடும். 27ஐ 365ஆல் பெருக்கி 9855னு எடுத்தது சரிதான். ஆனா நடுவுல வந்த பிப்ரவரி 29கள் விட்டுப்போச்சு. 2000 முதல் 2024 வரை ஏழு. அதனால 10.9.2025 அன்னிக்கே 9862 நாள் முடிஞ்சாச்சு, பாக்கி 138. செப்டம்பர்ல 20, அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31, ஆக 112. ஜனவரில இன்னும் 26. விடை 26.1.2026.

எல்லாருக்கும் 138னு வெச்சுக்காதீங்க. 1.3.2000ல கல்யாணம்னா பிப்ரவரி 29 ஆறுதான் வரும், 139 கூட்டணும்.

சரிபார்க்கக் கிழமை பார்க்கலாம், ஆனா அது மட்டும் போதாது. 10,000ஐ ஏழால் வகுத்தா மீதி 4. வியாழன் கல்யாணம், நாலு தள்ளித் திங்கள். ஆனா 2.2.2026ம் திங்கள்தான், அதனால முழுசா ஏழு நாள் தவறினா இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதுக்கு ஷீட்ல இப்படிப் போடுங்க:

```
=DATE(1998,9,10)+10000
```

10/9/1998னு தட்டினா சில அமைப்புல அக்டோபர் 9 ஆயிடும்.

மாயவரத்து அண்ணன் ஒருத்தர், தாலி கட்டின நாளே முதல் நாள், அதனால 25ந் தேதிங்கிறார். அப்படி எண்ணினா அதுவும் சரி. வீட்ல பேசி முடிவு பண்ணுங்க. திருக்கடையூர்ல எப்போ பண்ணலாம்னு கேட்ட அக்காவுக்கு: அறுபதாம் கல்யாணம் தமிழ் மாசமும் நட்சத்திரமும் பார்த்து வைக்கிறது, இந்தக் கணக்கு அதுக்கு உதவாது.