கூடையில் போடுங்கள், பணத்தைக் காலையில் கட்டுங்கள்

எங்கள் அலுவலகத்தில் ஊழியர்களுக்கு 'நிதி ஒழுக்க' வகுப்பு ஒன்று நடந்தது. வேலை முடிந்து நொந்துபோன இரவுகளில் ஆன்லைனில் எதையாவது ஆர்டர் போட்டுவிடுகிறேன் என்று நேர்மையாகச் சொன்ன பெண்ணை எழுப்பி நிற்கவைத்து, "மனக்கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு எவ்வளவு சம்பளம் வந்தாலும் போதாது" என்றார் பயிற்சியாளர். அரங்கமே சிரித்தது. சிரித்தவர்களில் சிலருடைய மேசைக்கடியில் பிரிக்காத பார்சல்கள் கிடப்பது எனக்குத் தெரியும். அது வேறு விஷயம்.

மனக்கட்டுப்பாடு இல்லையாம். ஐயா, அந்தப் பெண் அந்த நேரத்தில் தேடியதே கட்டுப்பாட்டைத்தான். காலையிலிருந்து அவர் கையில் எதுவும் இல்லை. முடித்த வேலையைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை. விடுப்பைத் தள்ளிவைத்தார்கள், கேட்கவில்லை. இரவில் போனைத் திறந்தால் அங்கே எந்த நிறம், எந்த அளவு, வேண்டுமா வேண்டாமா என்று எல்லாமே அவர் முடிவு. நாள் முழுக்கக் கிடைக்காத ஒன்று கடைசியில் அங்கே கிடைக்கிறது.

இது என் கற்பனை இல்லை. ஸ்காட் ரிக் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சோகமான காட்சியைப் பார்க்கவைத்துவிட்டு, ஒரு குழுவிடம் பொருட்களைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் போடச் சொன்னார்கள். இன்னொரு குழு அதே பொருட்களைச் சும்மா பார்த்து மதிப்பிட்டது. தேர்ந்தெடுத்தவர்களுக்குச் சோகம் கூடுதலாகக் குறைந்தது. அந்தச் சோதனையில் யாரும் பணம் கட்டவில்லை என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். கூடையில் போட்டதிலேயே மனம் லேசாகிவிட்டது. பார்சல் வரவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது ரொம்ப எளிது. தேர்ந்தெடுங்கள், ஆசைதீரக் கூடையை நிரப்புங்கள், போனை மூடிவிட்டுப் படுங்கள். பணத்தைக் காலையில், சாப்பிட்ட பிறகு கட்டுங்கள். அவ்வளவுதான். இதைச் சொல்ல அந்தப் பயிற்சியாளருக்கு வாய் வரவில்லை. சிரிக்க மட்டும் வந்தது.

என் அக்கா நர்ஸ். வார்டில் ஆள் குறைவான நாட்களில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் கையில் இருக்கும். மூடிபோட்ட டப்பாக்கள், தலையணை உறைகள், எழுதாமலே போகும் நோட்டுகள். ஒருநாள் அவளே என்னிடம், "நான் வாங்குவது எனக்கே ஞாபகம் இருப்பதில்லை, நீ கொஞ்சம் உட்காரு" என்றாள். ஆர்டர் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதினோம்: எத்தனை மணிக்குப் போட்டது, அன்று வார்டில் என்ன நடந்தது, பெட்டியை எப்போது பிரித்தாள். பட்டியலே பேசியது. விடுமுறை நாட்களில் போட்ட ஆர்டர்கள் எல்லாம் வந்த அன்றே பிரிக்கப்பட்டவை, இன்றும் புழக்கத்தில் இருப்பவை. கடினமான நாட்களின் ஆர்டர்கள் பெரும்பாலும் இரவு ஒன்பதரைக்குப் பிறகு போட்டவை. அவற்றில் பல பெட்டிகள் திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை அலமாரிக்கு மேலேயே இருந்தன. உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். பிரிக்காத பெட்டியைவிடத் தெளிவான அறிகுறி எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்கப்புறம் அவள் இரண்டே வேலைதான் செய்தாள். செயலியில் சேமித்திருந்த கார்டை நீக்கினாள். இனி வாங்க வேண்டுமென்றால் எழுந்து போய்ப் பையிலிருந்து கார்டை எடுத்து 16 எண்களையும் தட்ட வேண்டும். களைத்த உடம்பு அதற்கு எழுந்திருக்காது. இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு 1999-இல் அமேசான் காப்புரிமையே வாங்கி வைத்தது. இடையில் இருக்கும் அந்த ஒரு நிமிடத்தின் மதிப்பு விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை.

இரண்டாவது, அந்தச் செயலியின் அறிவிப்புகளை அணைத்தாள். இதைச் செய்யாவிட்டால் கூடைப் பழக்கம் நிலைக்காது. கூடையில் விட்ட பொருளை அவர்கள் மறக்கமாட்டார்கள். "இன்னும் இரண்டுதான் இருக்கிறது", "நள்ளிரவுவரை தள்ளுபடி" என்று வந்துகொண்டே இருக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்ததை ராத்திரியே கட்டவைப்பதுதான் அந்தச் செய்திகளின் வேலை.

காலையில் அக்கா கூடையைத் திறக்கும்போது ஒன்றிரண்டு பொருட்கள் உண்மையிலேயே தேவையாக இருக்கும், அவற்றை வாங்குவாள். மற்றதைப் பார்த்து, "இதை எதற்குப் போட்டேன்?" என்பாள்.

இப்போது வருவார்கள். "இதெல்லாம் சாக்கு, நாங்களும்தான் வேலைக்குப் போகிறோம், நாங்கள் வாங்குகிறோமா?" சரி, நீங்கள் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து யார்மீது எரிந்து விழுகிறீர்கள் என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒவ்வொருவர் அழுத்தமும் ஒவ்வொரு பக்கம் கசியும். சிலருடையது மட்டும் கணக்கில் எண்ணாகத் தெரிகிறது, அதனால் மாட்டிக்கொள்கிறார்கள்.

"சம்பாதிக்கிறவர் வாங்கிவிட்டுப் போகட்டுமே" என்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. மாதம் ஒரு தொகையைத் தனியாக வைத்துக் குற்றவுணர்ச்சி இல்லாமல் செலவழியுங்கள், தாராளமாக. ஆனால் கடன் ஏறிக்கொண்டே போகிறது, வீட்டுக்குத் தெரியாமல் பார்சலை ஒளிக்கிறீர்கள், நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் அதைக் கூடைப் பழக்கத்தால் சமாளிக்க முடியாது. மனநல ஆலோசகரைப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. தேர்ந்தெடுப்பது சோகத்தைக் குறைத்தது, கோபத்தைக் குறைக்கவில்லை. கோபத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இன்னொரு மனிதர் இருக்கிறார். எனக்கு வயிறு எரிவதே இங்கேதான். அக்கா எரிச்சலோடு வந்த நாட்களில் கூடையை நிரப்பியும் அமைதியாகவில்லை, மேலும் மேலும் நிரப்பினாள். யாரையோ திட்ட வேண்டிய இடத்தில் தலையணை உறை வாங்கினால் எப்படித் தீரும்? அந்த நாட்களில் போனைப் பக்கத்து அறையில் சார்ஜ் போட்டுவிட்டு என்னோடு பேசு என்றேன். பேசுகிறாள். நானும் சேர்ந்து திட்டுகிறேன். இதுவரை நாங்கள் கண்டுபிடித்ததில் செலவில்லாத வழி இதுதான்.

எங்கள் அலுவலகப் பெண் யார்மீது கோபமாக இருந்தார் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, அந்த ஆள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். இரவு பத்து மணிக்கு, "காலையில் முதல் வேலையாக இது வேண்டும்" என்று செய்தி அனுப்புகிறவர் அவர்தான். அதைப் படித்துவிட்டு அந்தப் பெண் அடுத்ததாக எந்தச் செயலியைத் திறப்பார் என்று நினைக்கிறீர்கள்? ஊழியர்களுக்கு மனக்கட்டுப்பாடு சொல்லித்தர ஆள் வைக்கிறார்கள். பத்து மணிக்குச் செய்தி அனுப்பும் கையைக் கட்டுப்படுத்தச் சொல்லித்தர யாரையும் கூப்பிடுவதில்லை. வகுப்புக்குப் பணம் கட்டுவது யார் என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.