சைட்டோகுரோம் சி மாத்திரையும் புற்றுநோயும்: உண்மை என்ன?

"செல்லைத் தற்கொலை செய்ய வைக்கும் புரதம் சைட்டோகுரோம் சி. இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் புற்றுநோய்ச் செல்கள் தானாகச் சாகும், கீமோ வேண்டாம்." வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது.

முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு, இரண்டாவது பாதி தவறு. விழுங்கும் புரதம் வயிற்றிலும் குடலிலும் செரித்துவிடும். சிதையாமல் ரத்தத்துக்கே போனாலும் செல்லின் சவ்வைத் தானாகக் கடக்காது.

சைட்டோகுரோம் சி நம் உடலின் கிட்டத்தட்ட எல்லாச் செல்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் இரு சவ்வுகளுக்கு இடையிலுள்ள இடத்தில் இருந்துகொண்டு எலக்ட்ரான் கடத்துவதுதான் அதன் அன்றாட வேலை. செல் கடுமையாகச் சேதமடைந்தால் பாக்ஸ், பாக் என்ற புரதங்கள் வெளிச்சவ்வில் துளையிடும். அந்த வழியாகக் கசியும் சைட்டோகுரோம் சி, அப்பாஃப்-1 என்ற புரதத்துடன் சேர்ந்து ஏழு கைகள் கொண்ட சக்கரமாகிறது. அதில் காஸ்பேஸ்-9 என்ற நொதி விழித்து, காஸ்பேஸ்-3 என்ற இன்னொரு நொதியை வெட்டித் தூண்டுகிறது. செல்லை உண்மையில் பிரித்துப்போடுவது இந்தக் காஸ்பேஸ்-3தான்.

பல புற்றுநோய்ச் செல்களில் பழுது துளையிடும் கட்டத்திலேயே இருக்கிறது: பிசிஎல்-2 புரதம் பெருகித் துளையைத் தடுக்கிறது. வெனிடோகிளாக்ஸ் என்ற மருந்து அந்தத் தடையைத்தான் நீக்குகிறது. சைட்டோகுரோமை வெளியிலிருந்து ஊட்டுவதில்லை. அந்த மருந்தும் சில ரத்தப் புற்றுநோய்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே.

சரிபார்க்க, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் `Wang 1996 cytochrome c dATP` என்று தேடுங்கள். சியாவ்டோங் வாங் குழுவின் அந்தச் சோதனை, செல்லை உடைத்தெடுத்த சாற்றில் நடந்தது. மாத்திரை கொடுத்து அல்ல.

அந்த வாட்ஸ்அப் செய்தியை மேலும் பகிர வேண்டாம். அதை நம்பி யாராவது கீமோவை நிறுத்தியிருந்தால், உடனே அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள்.