கட்டைவிரல் எதற்குச் சம்மதம்?

பொது நீரேற்று மோட்டாரைப் பழுதுபார்க்கும் செலவு பற்றிக் குடியிருப்புக் குழுவில் குவிந்த 64 செய்திகளையும் 11 குரல் பதிவுகளையும் சுருக்கி, முடிவு எது, வெறும் யோசனை எது என்று பிரிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. 'எல்லோருக்கும் சமபங்கு' என்ற செய்திக்கு எட்டு வீட்டார் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். ஆனால் சில நிமிடங்களில் அதே செய்தி 'பூட்டிய வீடுகளுக்குப் பாதிப் பங்கு' என்று திருத்தப்பட்டிருந்ததால், எதற்குச் சம்மதித்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியதாயிற்று. ஐவர் பழைய வாசகத்தையும் மூவர் புதியதையும் சொன்னார்கள். மூன்று நிமிடக் குரல் பதிவொன்றிலோ, இன்னொரு மதிப்பீடு வாங்கினால்தான் பணம் தருவேன் என்ற நிபந்தனை கடைசிப் பத்து நொடியில் இருந்தது. அதைச் 'சம்மதம்' என்று எப்படி எழுதுவது? பழுதுபார்ப்பது உறுதி, பங்கீடு முடிவாகவில்லை என்று உள்ளபடி எழுதினேன். அதற்கும் கோபம் என்மேல்தான்.