பொறுப்பு ஆசிரியர் என்று பெயர் மட்டும் போதுமா?

எச்.எம். லீவு போடுவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உடம்புக்கு முடியாமல் போகும், வீட்டில் ஒரு காரியம் வரும், யாருக்கும் உள்ளதுதான். என் கோபமெல்லாம் அவர் கல்வி அலுவலருக்கு எழுதும் விண்ணப்பத்தின் கடைசி வரி மேல். "எனது விடுப்புக் காலத்தில் பள்ளிப் பொறுப்பினை மூத்த ஆசிரியர் கவனித்துக்கொள்வார்." யார் அந்த மூத்த ஆசிரியர்? பெயர் இல்லை, பதவி இல்லை, எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்றும் இல்லை. எல்லோரும் அது நான்தான் என்கிறார்கள்; என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போன விஷயமே மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரிகிறது, அதுவும் வாட்ச்மேன் சொல்லி.

அன்றைக்கே ஒரு அம்மா மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்து நிற்கிறார். புதுப் பள்ளியில் அன்றே கொடுத்தாக வேண்டுமாம். சான்றிதழ்ப் புத்தகம் பீரோவில். பீரோ சாவி எச்.எம். கைப்பையில். சாவி இருந்திருந்தாலும் நான் எந்த அதிகாரத்தில் கையெழுத்துப் போடுவது? "தலைமை ஆசிரியர் பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டால், நாளைக்கு அந்தச் சான்றிதழை யாராவது கேள்வி கேட்கும்போது காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அந்த அம்மா என்னைத்தான் திட்டிவிட்டுப் போனார். அவர் மேல் என்ன தப்பு?

இதே நேரத்தில் ஒரு பிள்ளை மாடிப்படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டால்? ஆய்வுக்கு வந்த அதிகாரி "இன்று இங்கே பொறுப்பு யார்?" என்று கேட்டால்? எல்லோரும் என்னைக் கை காட்டுவார்கள். தவறு நடந்தால் மட்டும் நான்தான் பொறுப்பு. முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் நான் வெறும் ஆசிரியர்.

"மூத்தவர்" என்று எழுதிவிட்டால் யாரென்று தானாகத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். எங்கே தெரிகிறது? ஒருவர் இந்தப் பள்ளிக்கு முதலில் வந்தவர். இன்னொருவர் பிறகு மாறுதலில் வந்தவர், ஆனால் பதவியில் முன்னதாகச் சேர்ந்தவர். மூன்றாமவருக்கு வயது அதிகம். ஸ்டாஃப் ரூமில் இதை வைத்து முகத்தை முறித்துக்கொண்டு பேசாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். துறை எந்த அடிப்படையில் முதுநிலையைக் கணக்கிடுகிறதோ அதைப் பார்த்துப் பெயரை எழுதுவது எச்.எம். வேலை. முதுநிலையில் முதலில் இருப்பவர் தன்னால் முடியாது என்றால், அதை அவரிடமே எழுதி வாங்கி, அடுத்தவர் பெயரைப் போட்டு, காரணத்தையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும்.

சரியாக எழுத எவ்வளவு நேரம் ஆகும்? 10ஆம் தேதி திங்கள் முதல் 14ஆம் தேதி வெள்ளி வரை விடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் சனி ஞாயிறு. ஊருக்குப் போகிறவர் 7ஆம் தேதி சாயங்காலமே கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்திலிருந்து அவசரமாக ஒரு விவரம் கேட்டால் யார் பதில் சொல்வது? அதனால் இப்படி எழுதலாமே: "10 முதல் 14 வரை தற்செயல் விடுப்பு வழங்கவும், முன்னும் பின்னும் உள்ள விடுமுறை நாள்களை இணைத்துக்கொள்ளவும் அனுமதி வேண்டுகிறேன். 7ஆம் தேதி பிற்பகல் பள்ளி முடிந்ததிலிருந்து 17ஆம் தேதி காலை நான் பணியில் சேரும் வரை, இப்பள்ளியில் முதுநிலையில் முதலில் உள்ள பட்டதாரி ஆசிரியர் திருமதி இன்னார் பள்ளிப் பொறுப்பைக் கவனிப்பார். அவரது ஒப்புதல் கையொப்பம் கீழே உள்ளது." அதன் அடியில் நான் கையெழுத்துப் போடுவேன். ஒரு நகல் என்னிடம் இருக்கும். அவ்வளவுதான் நான் கேட்பது.

அதோடு கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தெந்தச் சாவி, எந்தெந்தப் பதிவேடு, இணையதளத்தில் வருகையை ஏற்ற வேண்டியது யார், நான் எதில் கையெழுத்திடலாம், எதில் கூடாது. காசோலையையும் பணியாளர் மீதான நடவடிக்கையையும் நான் தொட மாட்டேன், தொடவும் வேண்டாம். ஆனால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னதெல்லாம் பிரச்சினை வரும்போது "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று ஆகிவிடுகிறது.

இன்னொன்று. விடுப்பு முடியும் நாளில் போன் வருகிறது: "டீச்சர், இன்னும் ரெண்டு நாள் பார்த்துக்கங்க." நான் எப்படிப் பார்த்துக்கொள்வது? விண்ணப்பத்தில் போட்ட தேதி முடிந்தால் என் பொறுப்பும் முடிந்தது. நீட்டிப்பு வேண்டுமென்றால் அலுவலருக்கு மறுபடி எழுத வேண்டும், என் பொறுப்புக் காலத்தையும் அதில் நீட்ட வேண்டும். எழுத்தில் அது வராத வரை நான் வகுப்புக்குப் போவேன், பாடம் நடத்துவேன். எச்.எம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தாளிலும் கையெழுத்துப் போட மாட்டேன்.