"அக்காகிட்டக் கேட்டுக்கலாம்"

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில், ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு கிளம்பும் வரை பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசிங் டீமுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். எனக்குக் கீழே மூன்று பேர், ஆளுக்கு ஆறு ஸ்டைல், அதாவது ஆறு டிசைன். கணக்குப்படி வேலை சரிசமம். இரண்டு வருஷமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூவரில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். போன வருஷம் அவருடைய இரண்டு ஸ்டைல்களில், உற்பத்திக்கு முன் ஒப்புதலுக்கு அனுப்புகிற பிபி சாம்பிள் பையருக்குத் தாமதமாகப் போனது. அது ஓகே ஆகாமல் கட்டிங் போட முடியாது. மதிப்பீட்டுப் படிவத்தில் "தாமதம்" என்று நானே எழுதினேன். அவர் வாதாடவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "சார், படிச்சுட்டுச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

ஆறு நாளில் 41 பதிவு. யார் கேட்டார்கள், எதற்கு, எத்தனை நிமிஷம் என்று வரிசையாக எழுதியிருந்தார். கூட்டிப் பார்த்தேன். பதினோரு மணி நேரத்துக்கு மேல் வந்தது. வாரத்தில் ஒன்றேகால் நாள் அவர் மற்றவர்களின் ஸ்டைலுக்கு வேலை பார்த்திருக்கிறார். அந்த 41-ல் ஒன்பது கோரிக்கை என்னுடையது. அதைப் படித்தபோது எனக்கு முகம் சுண்டிப்போனது.

பாதிக்கு மேல் லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துணியில் கலர் சரியா என்று பார்க்கிற வேலை. சாயப்பட்டறையிலிருந்து ஒரு கலருக்கு மூன்று துண்டுத் துணி வரும். பையர் கொடுத்த மாதிரித் துண்டோடு வைத்து, வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் போடுகிற லைட் பாக்ஸில் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒத்துப்போகிற துண்டு, கடை வெளிச்சத்துக்கு மாற்றினால் லேசாகச் சிவப்படிக்கும். அக்காவின் கண்ணுக்கு அது உடனே பட்டுவிடும். "ஏனுங்க்கா, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று இரண்டு பேரும் துண்டை நீட்டுவார்கள். பார்க்க இரண்டு நிமிஷம்தான். ஆனால் பட்டறை மாஸ்டருக்கு போன் போட்டு என்ன திருத்தம் என்று சொல்வதும் அவர்தான், ஏனென்றால் மாஸ்டர் அவர் சொன்னால்தான் கேட்பார். அப்புறம் விட்ட இடத்திலிருந்து தன் வேலையைத் தொடங்க இன்னும் பத்து நிமிஷம்.

இது ஏன் வளர்ந்துகொண்டே போகிறது என்றால், கேட்கிறவருக்கு எந்தச் செலவும் இல்லை. சரியாகச் செய்யத் தெரியாதவரை யாரும் கேட்பதில்லை, அதனால் அவர் கற்றுக்கொள்வதும் இல்லை. அடுத்த முறையும் அக்காதான். அவர் செய்த உதவி எந்த ரிப்போர்ட்டிலும் வராது. அவருக்கு ஆன தாமதம் மட்டும் வரும்.

"முடியாதுன்னு சொல்லப் பழகுங்க" என்று அவருக்கு அறிவுரை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் மறுத்து, ஷேடு தப்பாகப் போய், மறுபடி சாயம் போட்டால் கப்பலை விட்டுவிடுவோம், சரக்கு விமானத்தில் போகும். அந்த நஷ்டத்துக்கு "அக்கா பாத்துக் குடுக்கல" என்று அவர் பெயர்தான் அடிபடும்.

பொருளாதார ஆய்வாளர் லிண்டா பாப்காக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்து 2017-ல் வெளியிட்டார்கள். மூன்று பேர் குழு, இரண்டு நிமிஷ நேரம். யாராவது ஒருவர் பட்டனை அழுத்தினால் எல்லோருக்கும் லாபம், அழுத்தியவருக்கு மட்டும் மற்ற இருவரைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்கள் ஏறக்குறைய 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலோ, பெண்கள் மட்டும் இருந்த குழுக்களில் பெண்கள் அழுத்திய அளவுக்கே ஆண்களும் அழுத்தினார்கள். எனக்கு உறைத்தது இந்த இரண்டாவது முடிவுதான். செய்யத் தெரியாமல் இல்லை, செய்ய ஒரு ஆள் இருக்கிறார் என்ற தைரியம். எங்கள் டீமில் மற்ற இருவரும் ஆண்கள், நானும் ஆண்.

சரி, என்ன செய்தோம்? அக்காவையே தொடர்ந்து எழுதச் சொன்னால் அது இன்னொரு சுமை. அதனால் கேட்கிறவர் எழுத வேண்டும் என்று மாற்றினேன். ஒரே மாதத்தில் கேள்விகள் பாதியாகக் குறைந்தன. லேப் டிப்புக்கு மதியம் மூன்றிலிருந்து மூன்றே முக்கால் வரை மட்டும் நேரம். துண்டைக் கொண்டுவருகிறவர் முதலில் எது சரி, ஏன் என்று தானே சொல்ல வேண்டும், பிறகுதான் அக்கா வாய் திறப்பார். பட்டறைக்குப் போனும் அவரவரே. மாஸ்டரிடம் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அக்காவிடமிருந்து ஒரு ஸ்டைலை நான் எடுத்துக்கொண்டேன், சொல்லிக்கொடுக்கிற நேரத்தை மதிப்பீட்டில் ஒரு ஸ்டைலாகவே கணக்கு வைத்தேன். பழைய படிவத்திலிருந்த "தாமதம்" என்ற வார்த்தையை நீக்கச் சொல்லி ஹெச்ஆருக்குக் கடிதமும் கொடுத்தேன்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. கறுப்பு, நேவி மாதிரி கலர்களைத் தம்பிகள் இப்போது தாங்களே முடித்துவிடுகிறார்கள். இளம் கலர்களும் பல நிற இழை கலந்த மெலாஞ்சும் வந்தால் இன்னும் அக்காவைத்தான் தேடுகிறோம். ஷிப்மென்ட் வாரத்தில் மூன்று மணி விதி காற்றில் போகிறது. போன வெள்ளிக்கிழமை ஒரு பையர் மெயிலுக்குப் பதில் எழுத நானே என்னையறியாமல் அவர் மேசைப் பக்கம் போய்விட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, எழுதுகிற நோட்டை என் பக்கம் நகர்த்தினார். திரும்பி வந்து நானே எழுதினேன்.