எச்பிவி தடுப்பூசி: ஒன்றா, இரண்டா, மூன்றா?

"டாக்டர், ஒரு ஊசி போதும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சாம். ஆனா மருந்துப் பெட்டியில ரெண்டு போடணும்னு இருக்கு. என் தங்கச்சிக்கு மூணுன்னு சொல்றாங்க. இதுல எது உண்மை?" கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கு எதிரான ஊசியைப் பற்றி, பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மாக்கள் பலர் கேட்கும் கேள்வி இது. மூன்றுமே உண்மைதான். ஏன் என்று புரிந்துகொண்டால், ஊசியைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது? உயிருள்ள வைரஸ் இல்லை, செத்த வைரஸும் இல்லை. எச்பிவியின் வெளிக்கூடு பெரும்பாலும் எல்-1 என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தை மட்டும் ஈஸ்ட் போன்ற செல்களில் தயாரித்தால், அது தானாகவே ஒன்றுகூடி வைரஸைப் போலவே ஒரு உருண்டை ஆகிவிடும். உள்ளே மரபணு கிடையாது, வெறும் கூடு. 1991-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயான் ஃப்ரேசரும் ஜியான் ஜோவும் இதைச் செய்து காட்டினார்கள். அந்தக் கூட்டின் மேல் ஒரே புரதம் 360 முறை, அளவெடுத்து அடுக்கியதுபோல் வரிசையாக நிற்கிறது. இந்த அடுக்கு முக்கியம், பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

ஊசி உருவாக்கும் ஆன்டிபாடிகள் ரத்தத்திலிருந்து கசிந்து கருப்பை வாயின் மேற்பரப்புக்கு வந்து நிற்கின்றன. வைரஸ் உள்ளே போக வேண்டுமானால் அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு சிராய்ப்பு வேண்டும். அதன் வழியாக அடித்தள செல்களைத் தொட வேண்டும். தொட்ட பிறகும் இந்த வைரஸ் உடனே உள்ளே போவதில்லை. பல மணி நேரம் வெளியிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஆன்டிபாடி பிடித்துவிட அந்த நேரம் போதும்.

ஆனால் ஒருமுறை உள்ளே போய்விட்டால் கதை வேறு. அடித்தள செல்லுக்குள் இருக்கும்போது வைரஸ் எல்-1 கூட்டைக் கட்டுவதே இல்லை. கூடு இல்லாத இடத்தில் கூட்டைத் தேடும் ஆன்டிபாடிக்கு வேலை இல்லை. ஏற்கெனவே தொற்றியிருப்பதை இந்த ஊசி குணப்படுத்தாததற்குக் காரணம் இதுதான். 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் போடச் சொல்வதும் இதனால்தான். "கல்யாணத்துக்கு முன்னாடி போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடும் பெற்றோருக்கு நான் காட்டுவது இங்கிலாந்தின் கணக்கை. அங்கே 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்தது. 16 முதல் 18 வயதில் அதே ஊசியைப் போட்டுக்கொண்டவர்களிடம் 34 சதவீதம்தான் குறைந்தது. ஊசி மாறவில்லை, போட்ட வயதுதான் மாறியது.

இப்போது டோஸ் கணக்குக்கு வருவோம். 2006-ல் ஊசி சந்தைக்கு வந்தபோது மூன்று டோஸ்: இன்று ஒன்று, இரண்டாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. இதில் முதல் இரண்டும் உடம்புக்குப் பாடம் சொல்லித்தருபவை. மூன்றாவதுதான் பூஸ்டர். பாடம் கேட்ட நினைவு செல்கள் உடனே தயாராகிவிடுவதில்லை. தங்களுக்குள் போட்டி போட்டு, வைரஸை இறுக்கமாகப் பிடிக்கத் தெரிந்தவை மட்டும் மிஞ்ச, நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அதற்குப் பிறகு வரும் டோஸ்தான் அவற்றைத் தட்டி எழுப்பி ஆன்டிபாடியைப் பல மடங்கு உயர்த்தும். எனவே எத்தனை ஊசி என்பதைவிட இடைவெளி எவ்வளவு என்பது பெரிய கேள்வி.

பிறகு, சிறுமிகளின் உடம்பு இந்த ஊசிக்குப் பெரியவர்களைவிட நன்றாகப் பதில் சொல்வது தெரியவந்தது. 9-14 வயதில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் போட்டவர்களின் ஆன்டிபாடி அளவு, மூன்று டோஸ் போட்ட இளம்பெண்களின் அளவுக்குக் குறையவில்லை. அதனால் அந்த வயதுக்கு இரண்டு டோஸ் ஆனது. 15-வது பிறந்தநாளில் உடம்பில் ஏதோ மாறிவிடுகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆய்வில் கோடு அங்கே போடப்பட்டது, அவ்வளவுதான்.

ஒரு டோஸுக்கு வந்தது எப்படி என்பதில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவும் யாரும் திட்டமிடாத பங்கு.

2009 செப்டம்பரில் டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தியாவில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதன் மையங்களில் ஒன்று. 10 முதல் 18 வயதுப் பெண்கள் 20,000 பேரில் பாதிப்பேருக்கு இரண்டு டோஸ், பாதிப்பேருக்கு மூன்று டோஸ் போட்டு ஒப்பிடுவது திட்டம். அதே சமயத்தில் ஆந்திராவிலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் ஏழு சிறுமிகள் இறந்தார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து குடித்தது என்று காரணங்கள் வேறு வேறு. ஊசிக்கும் இறப்புகளுக்கும் தொடர்பில்லை என்று விசாரணையில் தெரிந்தது. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தில் அங்கே நடந்த தவறுகள் உண்மையானவை. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் அதைக் கடுமையாகக் கண்டித்தது, கண்டித்தது சரி. இந்தக் கொந்தளிப்பில் 2010 ஏப்ரலில் அரசு எல்லா எச்பிவி ஊசி ஆய்வுகளையும் நிறுத்தச் சொன்னது.

அன்றைய நிலையில் 17,700-க்கும் மேற்பட்ட பெண்கள் ஊசி போட்டிருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 4,950 பேர் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2021-ல் வந்த முடிவில், இந்தப் புற்றுநோயை அதிகம் உண்டாக்கும் 16, 18 வகை எச்பிவி வைரஸ்களின் நீடித்த தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு ஒரு டோஸில் 95.4 சதவீதம், இரண்டில் 93.1, மூன்றில் 93.3. இதைப் பார்த்து "ஒன்றுதான் சிறந்தது போல" என்று நினைக்க வேண்டாம். புள்ளியியல் எல்லைகளைப் பார்த்தால் மூன்றும் ஒன்றேதான். நியாயமான ஒரு சந்தேகமும் இருந்தது: ஒரு டோஸில் நின்றவர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லையே? கென்யாவில் 15-20 வயதுப் பெண்கள் 2,275 பேரை முறையாகக் குலுக்கிப் பிரித்து நடந்த ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. 18 மாதத்தில் ஒரு டோஸின் பாதுகாப்பு 97.5 சதவீதம்.

ஒரே ஊசி எப்படிப் போதும்? மேலே சொன்ன அந்த அடுக்குதான் காரணம் என்பது இப்போதைய புரிதல். 360 புரதங்கள் நெருக்கமாக, ஒரே சீராக நிற்பதை, எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்த பி செல்கள் உண்மையான வைரஸாகவே எடுத்துக்கொண்டு, எலும்பு மஜ்ஜையில் நீண்டகாலம் குடியிருந்து ஆன்டிபாடி சுரக்கும் செல்களை உருவாக்குகின்றன. ஒரு டோஸ் போட்டவரின் ஆன்டிபாடி அளவு இரண்டு டோஸ் போட்டவரைவிடக் குறைவுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த அளவு சரிந்துகொண்டே போகாமல் ஒரு மட்டத்தில் வந்து வருடக்கணக்கில் நிற்கிறது. இயற்கைத் தொற்று தருவதைவிட அது அதிகம். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு, 21-க்கு மேல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு என்று சொன்னது இந்தச் சான்றுகளை வைத்துத்தான். மருந்துப் பெட்டியில் இருப்பது, கம்பெனி அனுமதி வாங்கியபோது காட்டிய ஆய்வின்படி எழுதியது: 9-14 வயதுக்கு இரண்டு, 15-க்கு மேல் மூன்று.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அரசுத் திட்டத்துக்கு ஒரு டோஸே சரி. மிச்சமாகும் ஊசி இன்னொரு சிறுமிக்குப் போகட்டும். சொந்தச் செலவில் போடும் குடும்பம் பெட்டியில் உள்ளபடி இரண்டு போட்டால் தவறில்லை. ஆனால் "இரண்டுக்குப் பணம் சேரட்டும்" என்று முதல் டோஸையே தள்ளிப்போடுவது தவறு. ஒரே ஒரு விதிவிலக்கு: எச்ஐவி தொற்றோடு வாழ்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை எடுப்பவர்கள். இவர்களுக்கு எந்த வயதிலும் ஒரு டோஸ் போதாது. முடிந்தால் மூன்று, குறைந்தது இரண்டு.

அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்றைப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு 14 வயது 10 மாதம். ஜூன் 10-ம் தேதி முதல் டோஸ். ஆகஸ்டில் அவளுக்கு 15 ஆகிறது. "இனி மூணு டோஸ் கணக்கு" என்று சொல்லி ஆகஸ்டிலேயே இரண்டாவதைப் போட்டுவிடுகிறார்கள். இது தேவையே இல்லை. கணக்கில் வருவது முதல் ஊசி போட்ட அன்றைய வயது. டிசம்பரில் ஒன்று போட்டிருந்தால் முடிந்திருக்கும். அவசரப்பட்டு இரண்டே மாதத்தில் போட்டதால், அது பூஸ்டர் வேலையைச் செய்யாது. ஐந்து மாதத்துக்குள் போட்ட இரண்டாவது டோஸை நிறைவாக எடுத்துக்கொள்வதில்லை. இப்போது டிசம்பரில் மூன்றாவதும் போட வேண்டும்.

தாமதம் அப்படி இல்லை. இரண்டாவது டோஸை மறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதா? முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்டதைப் போட்டால் போதும். நினைவு செல்கள் காத்திருக்கும்.

ஊசி போடும் இடத்தில் இரண்டு விஷயம் கவனியுங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும். அலுமினிய உப்பு கலந்தது என்பதால் உறைந்துபோனால் கட்டி தட்டிவிடும். குலுக்கியதும் சீராகக் கலங்கலாக வராமல் துகள் மிதந்தால் அதைப் போடக்கூடாது. ஊசிக்குப் பிறகு பிள்ளையை 15 நிமிடம் உட்கார வையுங்கள். இந்த வயதில் ஊசி பயத்தில் மயங்கி விழுவது சகஜம். நின்றுகொண்டிருந்து விழுந்தால் தலையில் அடிபடும்.

கடைசியாக ஒன்று. கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் ஊசி முக்கியமாகத் தடுக்கும் 16, 18 வகைகளால் வருவது. ஊசி போட்ட மகளும் 30 வயதில் பரிசோதனைக்குப் போக வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாவுக்கு அந்த 30 ஏற்கெனவே தாண்டியிருக்கும். தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் 15, 20 வருடம் எடுக்கும் என்பதால் இடையிலேயே கண்டுபிடித்துவிட முடியும். அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையே இறப்பை 35 சதவீதம் குறைத்தது. அதுவும் வேறெங்கும் இல்லை, திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில், 2007-ல் வெளியான ஆய்வில். மகளுக்கு ஊசி போடப் போகும் நாளிலேயே அம்மாவும் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.